அட்டை ஏன் திரும்பியது?

பொகவந்தலாவைக் கடைவீதியில் மூன்று பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனிக்கு முத்துலிங்கம் ‘குழுமத் தலைவர்’. அந்த மூவரில் அவரும் ஒருவர். தேயிலை மலையில் காலேறும் அட்டைகளை விரட்ட எண்ணெய் ஒன்று கண்டுபிடித்திருந்தார். ஞாயிறு அறிமுக விழா. ஆவலைத் தூண்டத் தானே எடுத்த வீடியோவை, மூவரில் இன்னொருத்தியான டிலுக்ஷியிடம் நீட்டினார்.

இரண்டு நிமிடம். முதல் நாற்பது செக்கன் குத்துவிளக்கு ஏற்றினார். காற்றில் அணையவே மறுபடியும் ஏற்றினார். பிறகு போத்தல், பெயர், செய்முறை, நன்றியுரை.

“எப்புடி?”

“விழாவே முடிஞ்சிருச்சு சேர். இனி ஞாயித்துக்கிழம யாரு வருவாங்க?”

“அப்ப நீயே மாத்து. மண்டபம் நெறையலன்னா, புள்ள, திங்கள்ல இருந்து நீ பழையபடி லேபல்தான் ஒட்டணும்.”

எட்டு மாதம் லேபல் ஒட்டி, போன மாதம்தான் ‘ஊடகப் பொறுப்பாளர்’ ஆனவள் டிலுக்ஷி. பசையின் வாடை இன்னும் விரலில் இருந்தது.

“ஒரு கால் வேணும் சேர்.”

“வீடியோவுல நான் இல்லியா?”

“இருக்கீங்க. முழங்காலுக்குக் கீழ.”

கணுக்காலுக்கு மேலே எண்ணெய் பூசி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார் தலைவர். பெருவிரலில் அட்டை ஏறுவதிலேயே வீடியோவைத் தொடங்கினாள். அது நெளிந்து நெளிந்து கணுக்கால்வரை வந்தது, தலையைத் தூக்கியது, தயங்கியது, திரும்பியது. அங்கேயே வெட்டினாள். போத்தல் இல்லை, பெயர் இல்லை. கடைசியில் ஒரே வரி: ‘ஏன் திரும்பிச்சு? ஞாயிறு பத்து மணி, நகர மண்டபம்.’ மொத்தம் பன்னிரண்டு செக்கன்.

“மூஞ்சி?” என்றார் தலைவர்.

“மூஞ்சியக் காட்டுனா சனங்க உங்களத்தான் பாப்பாங்க.”

“அது நல்லதுதானே?”

வியாழன் வெளியிட்டாள். மாலைக்குள் எதிர்க்கடை ரிஸ்வி ஓடிவந்தார். “தங்கச்சி, அந்த அட்டைக்கு என்னதான் ஆச்சு?”

“ஞாயித்துக்கிழம வாங்க நானா.”

வெள்ளி காலை பார்த்தால், வீடியோவுக்குக் கீழே தலைவரின் கருத்து: ‘இது என் கால். அட்டை திரும்பியது நான் கண்டுபிடித்த எண்ணெயால். செய்முறை வருமாறு.’

டிலுக்ஷி அழிக்கப் போனாள். அதற்குள் பதில்கள் குவிந்திருந்தன.

‘அட்டையப் பாத்து லொரி மேல ஏறுன மனுசன் நீங்கதானே?’

‘பொய்! அது நம்ம தோட்டத்து அழகுமுத்து காலு.’

‘அழகுமுத்துக்கு அவ்வளவு முடி இல்ல.’

அழிக்க நீட்டிய விரலை அவள் மடக்கிக்கொண்டாள்.

தலைவர் ஓடிவந்தார். “ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான்!”

“மேடையில காட்டுங்க சேர். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

ஞாயிறு, மண்டபத்தின் ஜன்னலிலும் ஆட்கள். டிலுக்ஷிக்கு மூச்சு வந்தது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய...” என்று தொடங்கினார்.

“காலு!” என்றது கடைசி வரிசை.

“காலு! காலு!” என்றது மண்டபம்.

ஏழு பக்க உரையை மடித்து வைத்துவிட்டு, காற்சட்டையைச் சுருட்டினார். டிலுக்ஷி எண்ணெய் தடவி, அட்டையை விட்டாள். அது ஏறியது, தலையைத் தூக்கியது, திரும்பியது.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் கைகூப்பி வணங்கினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அட்டை மேல்.