என் நகத்துக்கு அடியில்

சுண்டு என் அக்கா மகள். நாலு வயசு. அவளும் நானும் ஒரே கட்டில். எட்டரைக்குத் தூங்குவாள். பத்தரை ஆனால் போதும், எழுந்து உட்கார்ந்து பின்பக்கத்தைச் சொறிவாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொல்லுவாள்: "வந்துடுச்சு சித்தி."

எது வந்தது என்று கேட்டால் மறுபடி சொறிவாள். தினமும் அதே நேரம். நானும் விளக்கைப் போட்டு அந்தச் சுவரைப் பார்ப்பேன். ஒரு வாரத்தில் கட்டிலைப் பார்த்தாலே அழ ஆரம்பித்தாள். பள்ளியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொன்னார்.

அக்கா டாக்டரிடம் கேட்டாள். தூங்கி இரண்டு மணி நேரம் கழித்துப் பின்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள் என்றாராம். நான்தான் டார்ச் பிடித்தேன். வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒன்று தெரிந்தது. உள்ளாடை நூல் என்று எடுக்கப் போனேன். நூல் நெளிந்தது.

கீரிப்பூச்சி என்றார் டாக்டர், குடலில் இருக்கும் சின்னப் புழு. ராத்திரி வெளியே வந்து முட்டை போடும், அதில்தான் அரிப்பு. சொறிந்தால் முட்டை நகத்துக்குள் போகும், அங்கிருந்து வாய்க்கு, வாயிலிருந்து மறுபடி வயிற்றுக்கு. அரிப்பு இல்லாதவர்களுக்கும் இருக்கலாமாம். அதனால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரு மாத்திரை. அது முட்டையைக் கொல்லாது, எனவே இரண்டு வாரம் கழித்து இன்னொன்று.

அக்கா வீட்டையே புரட்டினாள். எல்லாருக்கும் நகம் வெட்டினாள், விரிப்புகளை உதறாமல் சுருட்டி வெந்நீரில் போட்டாள், சுண்டுவைத் தினமும் காலையில் எழுந்ததும் கழுவிவிட்டாள். மாமா முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினார். என் மாத்திரை மட்டும் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குப் போனது. எனக்குத்தான் ஒன்றுமில்லையே. இரண்டாவதும் அங்கேயே போனது.

சுண்டு நிம்மதியாகத் தூங்கினாள். ஒன்றரை மாதம். அப்புறம் ஒரு ராத்திரி, அதே பத்தரைக்கு, "வந்துடுச்சு சித்தி."

இருட்டில் என் வாயில் என்னவோ இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். என் நகம். நான் ஓயாமல் நகம் கடிப்பவள். கடித்த அதே கையால்தான் தினமும் அவளுக்குச் சோறு ஊட்டினேன். வயிற்றுக்குள் யாரோ காத்திருப்பது போல இருந்தது.

விடிந்ததும் இரண்டு மாத்திரையையும் அக்கா முன்னால் வைத்தேன். அவள் ஒன்றை உறையிலிருந்து பிரித்து என் கையில் வைத்தாள்.

"மறுபடியும் எல்லாரும் முதல்லேருந்து. உன்னால," என்றாள். "நீ என் கண்ணு முன்னாடி முழுங்கு. ரெண்டு வாரம் கழிச்சும் என் கண்ணு முன்னாடிதான்."

விழுங்கினேன். நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

அன்று ராத்திரி சுண்டு தூங்கவில்லை. டார்ச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தூங்கு சித்தி," என்றாள். "ரெண்டு மணி நேரம் கழிச்சு நான் பாக்கறேன்."