வேலிக்கொடி இலை

பொய்க்கு யாராவது காப்புரிமை கேட்பார்களா? கேட்டிருந்தார்கள். எங்கள் சங்கத்தின் வக்கீலம்மா கணினித் திரையை என் பக்கம் திருப்பி, ஒரு மருந்துக் கம்பெனியின் விண்ணப்பத்தைப் படிக்கச் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னக்கா, நான் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன், நீங்க சிரிக்கிறீங்க?"

"மாட்டிக்கிட்டானுங்கம்மா. தைலத்துக்கு மேல வேலிக்கொடி இலையை நசுக்கி வச்சுக் கட்டணும்னு போட்டிருக்கான் பாருங்க. அந்த இலை எங்க வைத்தியத்துலயே கிடையாது. எங்க மாமியார் வச்ச பொறி அது."

எங்கள் மக்களின் மருந்துகளை வெளியாள் தனதென்று சொல்லிவிடக் கூடாது என்று சங்கம் ஒரு பதிவேடு தொடங்கியது. சங்கத்தில் தட்டச்சு தெரிந்தவள் நான்தான். புண் வைத்தியத்துக்குப் பேர் போன அத்தை என் எதிரில் உட்கார்ந்து, வேர், பட்டை, எண்ணெய், பக்குவம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் வேலிக்கொடி இலையையும் சேர்த்தார்.

"என்னத்தை இது புதுசா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான்தானே காய்ச்சுறேன்? இலையைக் கண்ணால பாத்ததில்லையே."

"எழுதுடி, மக்கு. எவனாவது திருடினா இந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் திருடுவான். திருட்டு வெளுத்துரும்."

அசந்துபோனேன். அந்த அம்மாளுக்கு மூளை முழுக்க மிளகாய்தான். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அன்று அவரைக் கும்பிடத் தோன்றியது. அந்த வருடமே தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். போனார் என்று பேர்தான். முன்னறையில் இப்போதும் அவர் இருமல் கேட்கும். "வர்றேன் அத்தை" என்று பதில் சொல்லிவிட்டு, அடுப்படியில் நின்று என்னையே திட்டிக்கொள்வேன்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "திருட்டுன்னு நிரூபிச்சா மட்டும் விண்ணப்பம் விழாதுக்கா. இது புதுசு இல்ல, அவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னாடியே வெளியில தெரிஞ்ச விஷயம்னு காட்டணும். உங்க பதிவேட்டை யாரு பாத்திருக்காங்க?"

"யாருமில்ல. பூட்டி வச்சிருக்கோம். திறந்து வச்சா ஊரே அள்ளிக்கிட்டுப் போயிருமே."

"பூட்டி வச்சது பொதுவுக்குத் தெரிஞ்சதா ஆகாது. அதான் சிக்கல்."

"சரி, போகட்டும். பொய்யைத்தானே கேக்குறாங்க, வச்சுக்கட்டும். நாங்க இலை இல்லாம வைத்தியம் பாத்துக்குறோம்."

அவள் தயங்கித் தயங்கி வேறொரு பக்கத்தைத் திறந்தாள். எலிகளுக்குப் புண் உண்டாக்கிச் சோதித்திருந்தார்கள். வரைபடத்தில் பட்டையாய் இரண்டு கோடுகள். இலையோடு கட்டிய புண்கள் சீக்கிரம் மூடின. தைலம் மட்டும் போட்டவை பல நாள் திறந்தே கிடந்தன.

"அந்த இலை பொய்யில்லக்கா," என்றாள்.

என் அப்பாவின் கால் கண்ணில் வந்து நின்றது.

அத்தை போன பிறகு வைத்தியம் என் கைக்கு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் குணமானார்கள். மாமியாரை மிஞ்சிய கைராசி என்று வாய்விட்டுச் சொன்னார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியது. அம்மா இறந்ததும் அப்பாவை என்னோடு கூட்டிவந்தேன். சர்க்கரைப் புண். தினமும் நானே கழுவி, நானே தைலம் போட்டுக் கட்டினேன். "ஊருக்கெல்லாம் இருக்கிற உன் கைராசி எனக்கு மட்டும் இல்லையாம்மா?" என்று கேலியாகத்தான் கேட்பார். பிறகு கேலி நின்றது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள், அதற்குப் பிறகும் அவர் தேறவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆறவில்லை என்ற கேள்வி என்னோடு படுத்து என்னோடு எழுந்துகொண்டிருந்தது.

"எலி வேற, மனுஷன் வேறக்கா," என்றாள் வக்கீலம்மா. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பாள். "இலையிருந்தா பிழைச்சிருப்பாருன்னு யாரும் சொல்ல முடியாது."

பிழைத்திருக்க மாட்டார் என்றும் யாரும் சொல்ல முடியாது.

அத்தையிடம் வைத்தியம் பார்த்தவர்களை விசாரிப்போம் என்று அவள்தான் சொன்னாள். தையல்காரர் முதல் ஆளாக வந்தார். கம்பெனியின் விண்ணப்பத்தை எதிர்த்து நாங்கள் போடும் ஆட்சேபத்தோடு சேர்க்க அவர் வாக்குமூலம் வேண்டும். எங்கள் வீட்டு முன்னறையில், அத்தை உட்கார்ந்து கட்டுப்போட்ட அதே பெஞ்சில் அவரை உட்காரவைத்தோம். நான் தட்டச்சு செய்தேன்.

அந்த அறைக்கு எனக்கு ஒரு காலத்தில் அனுமதி இல்லை. வேற்றுப் பார்வை பட்டால் புண் ஆறாதாம். நான் பின்கட்டில் காய்ச்சி, கதவு வரை கொண்டுவந்து கொடுப்பேன். கதவு சாத்திக்கொள்ளும்.

"இலையா? இல்லாம எப்படி?" என்றார் தையல்காரர். "வரும்போதே வேலியில ஒரு கை பறிச்சுக்கிட்டு வரணும். அம்மா நசுக்கி வச்சுக் கட்டுவாங்க. எங்க தெருவுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"இவங்க வைத்தியம் பார்க்க ஆரம்பிச்ச பிறகு?" வக்கீலம்மா என்னைக் காட்டினாள்.

"இவங்க இலை வைக்க மாட்டாங்க. நாங்க வீட்டுக்குப் போய்க் கட்டைப் பிரிச்சு, இலையை வச்சு மறுபடி கட்டிக்குவோம்."

என் விரல்கள் நின்றுவிட்டன. என் கைராசி! தெரு முழுக்க வீட்டுக்குப் போய் என் கட்டைப் பிரித்திருக்கிறது. பிரிக்கத் தெரியாத ஒரே ஆள், வெளியூரிலிருந்து வந்து என் வீட்டிலேயே படுத்திருந்த மனிதர்.

"ஏண்ணே என்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "எங்கப்பாவுக்கு நான் கட்டினதை நீங்க பாத்தீங்கல்ல?"

அவர் வாசலைப் பார்த்தார். "அம்மா சொல்லக் கூடாதுன்னாங்கம்மா. செத்தவங்களுக்குக் கொடுத்த வாக்கு."

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் பயந்தது எனக்கும் புரிந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தால் அது ரகசியம். ரகசியம் என்றால் பொதுவில் தெரிந்ததாகாது. கம்பெனிக்காரன் அதைப் பிடித்துக்கொள்வான். ஒரு தெருவே பயன்படுத்தும் மருந்து அவனுடையதாகிவிடும், இலையோடு சேர்த்து விற்க அவனிடம் கைகட்டி நிற்க வேண்டும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்களா?"

என் பக்கத்திலேயே அத்தை இருமினார். சத்தியமாகக் கேட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தப் பொம்பளை என்னை மட்டும்தான் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"இல்லம்மா," என்றார் தையல்காரர். "மத்தவங்களுக்குத் தாராளமாச் சொல்லச் சொன்னாங்க. நானே வெளியூர்க்காரங்க எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். இவங்களுக்கு மட்டும்தான் சொல்லக் கூடாதுன்னாங்க. 'தொழில் முழுசாத் தெரிஞ்சா என்னை மூலையில உக்கார வச்சுருவா. கடைசியில நானே சொல்லிக்குறேன்'னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

வக்கீலம்மா மூச்சு விட்டாள். "போதும்கா. ஒரு ஆளுகிட்ட மட்டும் மறைச்சது ரகசியம் ஆகாது. இதே மாதிரி இன்னும் நாலஞ்சு பேரு சொன்னா விண்ணப்பம் நிக்காது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் சந்தோஷம் முகத்திலேயே நின்றுபோனது.

நான் தட்டச்சு செய்து முடித்தேன். கையெழுத்து வாங்கும் முன் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் முறை. வக்கீலம்மா தாளுக்குக் கை நீட்டினாள். நான் தரவில்லை.

"'கட்டுப்போடும்போது இந்த இலையை வைப்பது எங்கள் மக்கள் எல்லோரும் அறிந்த முறை,'" என்று படித்தேன். "'மருமகளைத் தவிர வேறு யாருக்கு வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம் என்று வைத்தியம் பார்த்த அம்மா எங்களிடம் கூறியிருந்தார்.' சரியா இருக்காண்ணே?"

"சரியா இருக்கும்மா," என்று சொல்லி, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.