பன்னிரண்டு மணி நேரம் சிறுநீரகம்

முப்பத்து நான்கு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, தீக்காய வார்டு முதல் பிரசவ வார்டு வரை எல்லாம் பார்த்தவள் நான். ஆனால் திருவேற்காட்டில் என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த இரண்டு பெண்களுக்கு வந்த வயிற்றெரிச்சல் போல ஒன்றை எந்த வார்டிலும் பார்த்ததில்லை. அந்தச் சூட்டில் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீரானது. சத்தியமாக.

ஹேமாவதி, ராதிகா. இருவருமே பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு நர்ஸிங். இருவருக்கும் ஆவடிப் பள்ளியில் சீனியர் பவ்யா. இப்போது மலேசியாவில் கடைசி வருஷ நர்ஸிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை பவ்யாவின் அண்ணன் வந்து, ஹேமாவுக்கு ஒரு சாக்லேட் டப்பாவும் ராதிகாவுக்கு ஒரு டப்பாவோடு கையால் எழுதிய கடிதமும் கொடுத்துவிட்டுப் போனார். பிசியாலஜியில் எந்தப் பாடத்தைத் திருப்பிப் படிக்க எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாளாம். போனில் அனுப்பினால் குரூப் குரூப்பாக ஊர் சுற்றும் என்று காகிதம்.

"எனக்கு?" என்றாள் ஹேமா.

"ஒனக்குத்தான் சாக்லேட் கீதே," என்றாள் ராதிகா.

ஹேமா அதைப் பிரிக்கவே இல்லை. நான்தான் பிரித்தேன்.

ஹேமாவுக்கு அந்தக் கடிதம் வேடிக்கை இல்லை. முதல் டெஸ்டில் பிசியாலஜியில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. பாஸுக்கு ஐம்பது வேண்டும். செமஸ்டர் தேர்வில் அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்தி அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார் அவள் அப்பா.

மறுநாள் ராதிகா குளிக்கப் போனாள். குளித்து வர ஒரு யுகம் ஆகும். அதற்குள் ஹேமா மேசைமேல் கிடந்த கடிதத்தின் முதல் தாளைக் காப்பியடித்தாள். நான் பார்த்தேன். துணி காயப் போடுகிற சாக்கில் நன்றாகவே பார்த்தேன். மொத்தம் முப்பது மணி நேரம். சிறுநீரகத்துக்குப் பன்னிரண்டு, மூச்சும் ரத்தத்தின் அமிலக் கணக்கும் எட்டு, இதயம் ஐந்து, ஹார்மோன் மூன்று, ரத்தம் ஒன்று, நரம்பு ஒன்று. 'நெஃப்ரானைத் தினமும் வரை. எந்த இடத்தில் எது திரும்ப உள்ளே போகிறது என்று பக்கத்திலேயே எழுது. கார்பன் டை ஆக்ஸைடு ஏறினால் பி.எச். இறங்கும், இதைப் பிடித்துக்கொள்.' ஒன்றும் தப்பில்லை. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஹேமா ஷேர் ஆட்டோவில் கூட அந்த நெஃப்ரானை, சிறுநீரகத்தின் வடிகட்டிக் குழாயை, வரைந்தாள். அது அவளுக்கு முன்பே தலைகீழ்ப் பாடம். ராதிகாவுக்கோ அது தலையே இல்லாத பாடம். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஹேமா, நெஃப்ரான்ல இந்த ஹென்லி லூப்பு கொஞ்சம் சொல்லேன்டி."

"ஏன், ஒங்க பவ்யாக்கா லெட்டர்ல வரைஞ்சு அனுப்பலியா?"

ராதிகா நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

மாடல் தேர்வு வந்தது. பெரிய கேள்விகளில் ரத்தம் உறைவது எப்படி என்று ஒன்று, நரம்பில் அனிச்சைச் செயல் ஒன்று, சிறுநீர் உருவாவது ஒன்று. ஹேமாவுக்கு முப்பத்தெட்டு. ராதிகாவுக்கு நாற்பத்தாறு.

அன்று மாலை ஹேமா பையைக் கடாசினாள். "பொய் லெட்டர்டி அது. ரத்தத்துக்கு ஒரே மணி நேரமாம்."

"ஒனக்கு எப்டித் தெரியும்?" என்றாள் ராதிகா.

கீழே நான் குக்கரை அணைத்துவிட்டேன், ஒரு வார்த்தை தப்பிவிடக் கூடாதே.

ராதிகா இரண்டாவது தாளைக் கொண்டுவந்து ஹேமாவின் மடியில் போட்டாள். "படி. சத்தமா படி."

ஹேமா படித்தாள். "'நீ அனுப்பிய மார்க்கைப் பார்த்து உனக்காக மட்டும் பிரித்த நேரம் இது. உனக்கு ரத்தமும் நரம்பும் தெரியும், சிறுநீரகம் தெரியாது. ஹேமா இதை வைத்துப் படித்தால் மூழ்கிவிடுவாள். அவள் மார்க்கை வாங்கி, நீயே அவளுக்கு நேரம் பிரித்துக் கொடு. நெஃப்ரானுக்கு அவளிடம் போ. நான் லீவில் வந்தபோது பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயில் வருவதற்குள் அவள் எனக்கு விளக்கியது மாதிரி, இங்கே எந்தப் பேராசிரியரும் விளக்கவில்லை.'"

ஹேமா தாளை ராதிகாவிடம் நீட்டினாள். "இத்த ஏன்டி காட்டல?"

"ஒன்ன புகழ்ந்துகினு இருந்தா. எனக்கு வவுறு எரிஞ்சிச்சு."

அப்புறம் ராதிகாவே பேனா எடுத்தாள். ஹேமாவின் விடைத்தாளைப் பார்த்து, ரத்தத்துக்குப் பத்து மணி நேரம், நரம்புக்குப் பத்து என்று எழுதினாள். சிறுநீரகத்துக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியையும் ஹேமா ராதிகாவுக்குச் சொல்லிக்கொடுத்தே கழித்தாள். கேள்வி கேட்டு ஒருத்தியை ஒருத்தி குதறியதில் என் சுவரில் விரிசலே விழுந்தது.

செமஸ்டர் முடிவு வந்தது. ராதிகா அறுபத்திரண்டு, ஹேமா அறுபத்து மூன்று. அவள் அப்பா கம்பெனிப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த ஒரு மார்க்குக்காக ராதிகா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.