தேங்காய்ப் பையில் போன பயோடேட்டா

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் பர்சனல் செக்‌ஷனில் எனக்கு வேலை. வேலை கேட்டு வரும் கவர்களைப் பிரிப்பதும் அதில் முக்கால்வாசியை ஓரங்கட்டுவதும் என் பொறுப்பு. அதனால், பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த கிருபாசங்கர் கேன்டீனுக்கு வந்து, "ஒரு வருசமா பயோடேட்டா குடுக்கறேனுங்க சண்முகப்பிரியா, ஒருத்தருமே பதில் போடலீங்க" என்றபோது எனக்குப் பரிதாபத்தைவிட ஆர்வம்தான் அதிகம் வந்தது.

தைப்பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் கருமத்தம்பட்டியில் அப்பாவின் விசைத்தறிகளோடு உட்கார்ந்துவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சாம். கிருபாவுக்குத் தறிச் சத்தமே ஆகாது. மெஷின் டிராயிங் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. முதல் பக்கம் பிள்ளையார் சுழி, குலதெய்வம், எந்தக் குலக் கூட்டம் என்பது, நட்சத்திரம். அடுத்த பக்கம் முழுக்க அவனுடைய அப்பா வெள்ளியங்கிரி: தோட்டம், கிணறு, தறி, கோயில் கமிட்டி. பிறகு தாய்மாமன்கள் வரிசையாக வந்தார்கள். கிருபாசங்கர் ஐந்தாம் பக்கத்தில்தான் பிறந்தான். முடிவில், 'வேலை அவசியமில்லை. தங்களுக்குத் தேவைப்பட்டால் தெரிவிக்கவும்' என்று ஒரு வரி.

"இதை யாருங்க எழுதுனது?"

"அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சனுங்க. கையேந்தற மாதிரி இருக்கக் கூடாதுன்னாரு."

யாருக்கெல்லாம் போனது என்று கேட்டேன். நூல் மில், வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட், ஒரு கண் ஆசுபத்திரி. எல்லாவற்றுக்கும் இதே காகிதம்.

"கண் ஆசுபத்திரியில என்னத்தைங்க வரைவீங்க?"

"அவங்க நமக்குச் சொந்தமுங்க."

தபாலில் அனுப்பினானா என்றால் அதுவும் இல்லை. தபாலில் போட்டால் மரியாதை இல்லையாம். கல்யாண மண்டபத்தில் முதலாளிகள் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது அப்பா நேரில் கொடுப்பாராம். அவர்கள் கையில் தாம்பூலப் பை இருக்கும். பயோடேட்டா அதற்குள் தேங்காயோடு போய்விடும்.

"அப்ப அது சட்னி அரைக்கற எடம் வரைக்கும்தானுங்க போயிருக்கும்," என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு வருடம் இவன் அடுப்படிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறான்.

எங்கள் கம்பெனிக்கே அப்போது டிராப்ட்ஸ்மேன் வேண்டுமென்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. அதை அவன் முன்னால் வைத்தேன். கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேட், பம்ப் பாகங்களின் வரைபடம், அளவு எத்தனை கூடக்குறைய இருக்கலாம் என்கிற டாலரன்ஸ் என்று கேட்டிருந்தார்கள். அவன் பயோடேட்டாவில் இருந்ததோ, 'கம்ப்யூட்டர் தெரியும்'.

"விளம்பரத்தை ஒரு கையில புடிச்சுட்டுத்தான் நான் கவரைப் பிரிக்கறேனுங்க. அதுல இருக்கற வார்த்தை இதுல இல்லாட்டி ஓரம்தான். பெங்களூர்ல ஆள் புடிச்சுக் குடுக்கற சில கன்சல்டன்சிக்காரங்க கம்ப்யூட்டர்லயே ஏத்திப்போட்டு வார்த்தையைத் தேடறாங்க. அங்க வார்த்தை இல்லீன்னா ஆளே இல்லீங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா, தெரியாதா? தெரியாததை எழுதவே வேண்டாம்."

"கணபதி ஸ்டாப் பக்கத்துல, இரும்பு வார்க்கற ஒரு பவுண்டரியில ஆறு மாசம் பம்ப் டிராயிங் போட்டனுங்க. ஆட்டோகேட்லதான். டாலரன்ஸ் எல்லாம் நானே குறிப்பேன்."

"அது எங்கீங்க இதுல?"

"இன்னொருத்தருகிட்டக் கூலிக்கு நின்னது வெளிய தெரிய வேண்டாம்னு அப்பா எடுத்துப்போட்டாருங்க."

வேலை வாங்கித் தரக்கூடிய ஒரே விஷயத்தைக் கௌரவக் குறைச்சல் என்று நீக்கிவிட்டு, மாமன்களை ஏற்றியிருக்கிறார்கள். அங்கேயே உட்கார வைத்து ஒரு பக்கத்தில் எழுத வைத்தேன். மேலே பெயர், முகவரி. உடனே பவுண்டரி, பிறகு படிப்பு. கவரின் மேல் விளம்பர எண். பர்சனல் மேனேஜர் பெயருக்கு, தபாலில். மஞ்சள் கிடையாது. வந்த கவரை மற்றவற்றோடு சேர்த்துத்தான் வைத்தேன். மேனேஜர் சீனிவாசலு தானே எடுத்து டிக் போட்டார்.

இன்டர்வியூவுக்கு வெள்ளியங்கிரியும் வந்தார். பட்டுக்கரை வேட்டியோடு உள்ளே போய் நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சீனிவாசலு தயங்கியபடியே ஆட்டோகேட் பற்றி ஏதோ கேட்க, "அதெல்லாம் பையன் பாத்துக்குவானுங்க" என்று பதிலும் சொன்னார்.

கிருபாவின் முகம் வெளுத்துவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்லாததைச் சொன்னான்: "அப்பா, நீங்க வெளிய இருங்க."

அவர் எழுந்து வந்தார். வாசல் பெஞ்சில் வாட்ச்மேன் பக்கத்தில் தோளைக் குறுக்கி உட்கார்ந்தார். நான் காபி கொடுத்தேன்.

"அந்த ஒத்தைத் தாள்ல நான் இல்லவே இல்லீங்களே, அம்மணி," என்றார்.

பாவமாக இருந்தது. உள்ளே தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே ஓரமாக நின்றேன்.

வெகுநேரம் கழித்துக் கிருபாவும் பின்னாலேயே நானும் வெளியே வந்தோம். வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதை அவன் சொல்லி முடித்ததும் அவர் தலையாட்டினார். சந்தோஷம்தான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா, கண்ணு?"

உள்ளே கடைசி வரை நின்ற எனக்குத் தெரியும், அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிருபா என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"கேட்டாங்கப்பா. எத்தனை தறின்னு கேட்டாங்க."

"எத்தனைன்னு சொன்னே?"

"நாப்பது."

"பதினெட்டுத்தானடா," என்றார் அவர். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "செரி, உட்டுரு. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."