இருநூற்றுப் பதினான்காவது சொல்

மருதாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் இருநூற்றுப் பதினான்கு என்ற எண் மட்டும் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் வாயில் வரும். "எம் மவன் பனிக்கு எரநூத்திப் பதினாலு பேரு எழுதி வச்சிட்டுத்தான் போனான்" என்று தேயிலைத் தோட்டத்தில் அவள் சொல்லாத ஆள் இல்லை. நிவித்திகல சந்தையில் கருவாடு விற்கிறவனுக்குக்கூடச் சிங்களத்தில் சொல்லியாகிவிட்டது. அவன் பாவம், பனியைக் கண்டானா, தலையை ஆட்டிவிட்டு ஐம்பது கிராம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தான்.

மகன் இந்திரகுமார் கனடாவின் வடகோடியில் ஒரு சின்ன ஊரில் ஒன்பது வருஷம் டாக்ஸி ஓட்டினான். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் இன்யூட் ஆட்கள், வெளியார் எஸ்கிமோ என்று சொல்கிறவர்கள். எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூற்றுக்கணக்கில் சொல் உண்டு என்று எங்கேயோ படித்தவன், ஏறுகிறவர்களிடமெல்லாம் பனியைக் காட்டி, "இதுக்கு உங்க பாஷையில என்ன?" என்று கேட்பான். சொன்னதைப் போனில் பதிவு செய்வான், நோட்டில் எழுதி எண் போடுவான், அம்மாவுக்கும் அனுப்புவான். ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு. போன வருஷம் ஒரு நாள் காலை ஓட்டம் முடிந்து, மதியம் லீவு என்று பனியில் ஓடும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே படம் எடுக்கப் போனான். பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். தோட்டத்துக்குச் சாம்பல்தான் வந்தது.

தெவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க அந்த நோட்டைப் புத்தகமாக்க வேண்டும் என்று மருதாயி ஒற்றைக் காலில் நின்றாள். அக்கா ராகினி பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பிக்கிறவள். தம்பியின் நோட்டைத் திருத்த அவளைவிட வேறு யார் இருக்கிறார்கள்? இன்யூட் மொழியின் இரண்டு இலக்கணப் புத்தகங்களோடும், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தன் தாய்மொழியைச் சொல்லிக்கொடுக்கும் லீத்தியா என்ற ஆசிரியையின் மின்னஞ்சல் துணையோடும் லீவு போட்டு வந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாம் எண்ணைத் தாண்டியதுமே சிக்கல் தொடங்கியது. அப்புத்தி என்றால் தரையில் கிடக்கும் பனி. சரி. பதின்மூன்று, அப்புத்திகக்துக். அது பனியின் பெயரே இல்லை. 'பனி இருக்கிறது' என்ற முழு வாக்கியம். வேர் ஒன்று, அதன் பின்னால் 'இருத்தல்', அதற்குப் பின்னால் 'அது' என்று முடிக்கும் வால். பதினான்கில் நடுவே இறந்தகாலம் ஒன்று செருகியிருந்தது: அப்புத்திகலவுக்துக், பனி இருந்தது. பதினைந்தில் ஒரு மறுப்பும் சேர்ந்துகொண்டது: அப்புத்திகலவுங்கித்துக், பனி இருக்கவில்லை. பனியே இல்லை என்று எவரோ சொன்னதையும் தம்பி ஒரு வகைப் பனியாக எண்ணி வைத்திருந்தான். ராகினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? காகிதத்தில் இடைவெளி இல்லாமல் எழுதியிருந்தால் எவனுக்கும் ஒரு சொல்லாகத்தான் தெரியும். நாம் 'வரமாட்டார்களாம்' என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அதைக் கேட்ட வெளியூர்க்காரன் 'வருதலில் இது ஒரு வகை' என்று எழுதிக்கொண்டால் எப்படி? அந்த மொழியில் இந்த வேலை இன்னும் நீளமாக நடக்கும். வேருக்குப் பின் துண்டு, துண்டுக்குப் பின் துண்டு, வேண்டிய மட்டும். அதே துண்டுகளை நாய்க்கு ஒட்டினால் நாய்க்கும் இருநூறு வரும், வீட்டுக்கு ஒட்டினால் வீட்டுக்கும் வரும். எண்ணிக் கட்டுப்படியாகாது.

ஒவ்வொன்றாக வெட்டி வெட்டிப் பார்த்ததில் நோட்டில் மிஞ்சிய பனி வேர்கள் பதினொன்று. விழுகிற பனிக்கு ஒன்று, கிடக்கிறதற்கு ஒன்று, குடிக்க உருக்குகிறதற்கு ஒன்று, கால் புதையும் மெத்தென்ற பனிக்கு ஒன்று, புயலாக அடிக்கிறதற்கு ஒன்று, இப்படி. தேடினால் பக்கத்து ஊர்களில் இன்னும் கிடைக்கும் என்று லீத்தியா எழுதியிருந்தாள். பனியோடு பிழைக்கிறவர்களுக்கு அது நல்ல செல்வம்தான். ஆனால் இருநூற்றுப் பதினான்கு இல்லை. நூற்றுக்கணக்கிலும் இல்லை.

கடைசி எண்ணை மட்டும் அவள் தொடவில்லை. தொட முடியவில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் மருதாயி மகன் படத்துக்கு விளக்கேற்றி, புயலில் போன அன்று காலை அவன் கடைசியாக அனுப்பிய பதிவைப் போடுவாள். வண்டியின் ஹீட்டர் இரைகிற சத்தம். யாரோ ஒரு கிழவியின் குரல், நிதானமாக, இரண்டு தரம். பிறகு இந்திரகுமார்: "பிக்சினியக்துக்! அம்மா, இது புதுசு, எரநூத்திப் பதினாலு!" என்று சிரிப்பான். மருதாயியும் கூடவே அந்தச் சொல்லைச் சொல்வாள். ஆவியாவது பேயாவது என்று வகுப்பில் கேலி பேசுகிற ராகினிக்கு, இரத்தினபுரி மழை தகரத்தில் இடிக்கும்போது அந்த மூன்று குரலும் அடுத்த அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்வதாகவே தோன்றும். எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள்.

வெட்டக் கற்றுக்கொண்ட காது சும்மா இருக்குமா? ஐந்தாம் நாள் அது தானாகவே வெட்டிவிட்டது. பிக்சி, பனிப்புயல். நியக், இனி நடக்கப்போவது. துக், முடிப்பு. பதறிப்போய் லீத்தியாவுக்கு எழுதினாள். மறுநாள் காலை பதில் வந்தது.

'ஆமாம். இன்று பனிப்புயல் வரப்போகிறது என்று அர்த்தம். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். டிரைவர் திருப்பிச் சொல்லிக் காட்டினானே, விளங்கித்தானே சிரித்தான், பிறகு ஏன் போனான் என்று இன்னும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.'

அந்த நேரம் பார்த்து இரத்தினபுரி அச்சகத்திலிருந்து பளீல் போன் எடுத்தார். "மிஸ், அட்டை ரெடி. நம்பரப் பெருசா செவப்புல போட்டிருக்கேன். அடிக்கவா?"

"கொஞ்சம் பொறுங்க" என்று வைத்தாள்.

சொல்லாமல் விடலாம். எண் அப்படியே அச்சாகும், அம்மாவின் பெருமை நிற்கும், தோட்டத்தில் யார் வந்து வெட்டிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் தம்பியைக் காக்க வந்த எச்சரிக்கையை ஒரு வகைப் பனி என்று தன் கையாலேயே அச்சுக்குக் கொடுக்க அவளால் முடியவில்லை. அம்மா தினமும் அதை விளக்கின் முன்னால் சொல்வதை இனிக் கேட்கவும் முடியாது.

மருதாயி அடுப்படியில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ராகினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, தம்பி எழுதுனது எல்லாம் பனியோட பேரு இல்லம்மா. பேரு பதினொன்னுதான். மிச்சமெல்லாம் ஆளுங்க பேசுன பேச்சு."

"என்னா பேச்சு?"

"பனி இருந்துச்சு, பனி இல்ல, அப்புடி. கடைசியா அந்தக் கெழவி சொன்னது..." ஒரு பலாக்கொட்டையைக் கையில் எடுத்தாள். "இன்னைக்குப் புயல் வரப்போவுதுன்னு சொல்லியிருக்கும்மா. ரெண்டு தரம். இவன் அதப் பேருன்னு எழுதிக்கிட்டான்."

மருதாயியின் கை நின்றது. அவள் மாரில் அடித்துக்கொள்வாள் என்று ராகினி பயந்தாள். அடித்துக்கொள்ளவில்லை.

"அப்ப நா ஒரு வருசமா வெளக்கு முன்னால அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேனா?"

"ஆமாம்மா."

"நம்பர எடுக்கச் சொல்லு. அந்தப் பொம்பள பேரக் கேட்டுப் போடு. பெத்தவளாட்டம் சொல்லியிருக்கா." முந்தானையில் கையைத் துடைத்தாள். "அவ சொன்னதுக்கு அவன் என்னா பதில் சொல்லியிருக்கணும்?"

ராகினி யோசித்தாள். புறப்படு, இனிமேல், இல்லை, நான். நான்கு துண்டையும் ஒட்டினாள். "அவுல்லனியங்கித்துங்கா. நான் கெளம்பமாட்டேன்னு அர்த்தம்."

"ஒத்த வார்த்தையா?"

"ஒத்த வார்த்தைதான்."

ஐந்து தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள் மருதாயி. பிறகு எழுந்துபோய்ப் படத்தின் முன்னால் உட்கார்ந்து பதிவைப் போட்டாள். ஹீட்டர் இரைந்தது. கிழவி இரண்டு தரம் சொல்லி முடித்தாள். இந்திரகுமார் வாயைத் திறப்பதற்குள் மருதாயி விரலை வைத்து நிறுத்திவிட்டாள்.

"அவுல்லனியங்கித்துங்கா" என்றாள், மகனுக்குப் பதிலாக.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. போனில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.