பதினொன்றரைக்கு வருவேன், அக்கா

மலேசியாவின் செனாய் ஊரில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பிரவீனாவும் ஹேமநாதனும் தரப் பரிசோதகர்கள். அவளுக்கு மூன்றாவது லைன், அவனுக்கு நான்காவது. இயந்திரத்திலிருந்து கொட்டும் மூடிகளில் மணிக்கொரு தடவை சிலவற்றை எடுத்து அளந்து, நிறம் பார்த்து, கையெழுத்துப் போடுவது வேலை. ஒருவர் கொஞ்சம் பிந்தினால் மற்றவர் அந்த லைனையும் சேர்த்துப் பார்ப்பார். இரண்டு வருடமாக இப்படி ஒருவர் லைனை ஒருவர் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தை மாதம் கோயிலில் கல்யாணம். அதற்கு முன் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். மனுப் போட்டு, பெயர்கள் பலகையில் ஒட்டி, காத்திருப்புக் காலமும் முடிந்து, இந்தப் புதன்கிழமை காலைக்குக் கூலாய் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைத்திருந்தது. லீவை எல்லாம் தை மாதத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததால், இருவரும் அன்று சில மணி நேரம் பிந்திப் போய், ஓவர்டைம் செய்து ஈடுகட்டுவது என்று முடிவெடுத்தார்கள்.

தெரியாதது வேலையிடத்துக்கு மட்டும்தான். அதிலும் முக்கியமாக சூப்பர்வைசர் யோகேஸ்வரிக்கு. அவருக்குத் தெரிந்தால் முழு ஷிப்டுக்கும் தெரிந்த மாதிரி. பதிவை முடித்துவிட்டு, கேக்கோடு போய்ச் சொல்லலாம் என்பது பிரவீனாவின் ஆசை.

பிந்தி வருவதைப் பற்றி யோகேஸ்வரிக்குக் கண்டிப்பான ஒரு விதி உண்டு. "எனக்குக் கதை வேணாம். டயர் பஞ்சராச்சா, வயிறு வலிச்சதா, அதெல்லாம் வந்து சொல்லு. மெசேஜ்ல எத்தன மணிக்கு வருவ, அதுவரைக்கும் உன் வேலைய யாரு பார்ப்பா, அது போதும். ஷிப்டு தொடங்குறதுக்கு முந்தி வரணும்."

புதன்கிழமை காலை, செடெனாக் ஊரில் தன் வீட்டில், பாதி சேலை கட்டிய நிலையில் பிரவீனா கட்டிலில் உட்கார்ந்து தட்டினாள். முதலில் எழுதியது நீளமாக வந்தது. குடும்ப விஷயம், தவிர்க்க முடியாதது, மன்னிக்கணும், இனிமேல் இப்படி நடக்காது... "இனிமேல் நடக்காது" என்ற இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

'வணக்கம் அக்கா. சொந்த வேலை, இன்னிக்கு லேட்டா வர்றேன். 11.30க்கு லைன் 3ல இருப்பேன். அதுவரைக்கும் தர்மினி லைன் 2ஓட லைன் 3ஐயும் பார்ப்பாங்க, நேத்தே கேட்டுட்டேன். காலை லோரில போற பெட்டிங்கள நேத்து செக் பண்ணி சைன் போட்டாச்சு. அவசரம்னா கூப்பிடுங்க.'

'ஓகே' என்று உடனே பதில் வந்தது. யோகேஸ்வரியிடமிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தால் அது பாராட்டு.

"அனுப்பிட்டியா?" என்று ஹேமநாதனுக்குத் தட்டிக் கேட்டாள்.

"அனுப்பியாச்சு, டோன்ட் வொரி" என்றான் அவன்.

அவன் கூலாயில் வாடகை அறையில் கண்ணாடி முன் நின்று மூன்றாவது சட்டையை மாற்றிக்கொண்டிருந்தான். லாபிஸிலிருந்து அம்மா அனுப்பிய வேட்டி நிற்க மறுத்தது. இந்த அமளியில் புதிதாக எழுத அவனுக்குப் பொறுமை ஏது? போன மாதம் மோட்டார் சைக்கிள் கெட்டுப்போன அன்று அனுப்பிய பழைய மெசேஜை நகலெடுத்து, மணியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டான்.

'அக்கா, இன்னிக்கு லேட். 11.30க்கு வந்துருவேன். அதுவரைக்கும் லைன் 4ஐ பிரவீனா பார்த்துக்குவாங்க.'

உண்மையில் அன்று நான்காவது லைனைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தவர் இன்னொரு பரிசோதகரான மணியம். ஆனால் மணியத்தின் பெயர் மெசேஜில் இல்லை. தன்னை யாரும் கூப்பிடாததால், ஏற்பாடு மாறிவிட்டது என்று நினைத்து மணியம் நிம்மதியாகக் கிடங்குப் பக்கம் சரக்குப் பார்க்கப் போய்விட்டார்.

பதிவு அலுவலகத்தில் பிரவீனாவும் ஹேமநாதனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சாட்சிகள் இருவரும் வந்தாயிற்று. பிரவீனாவின் அக்கா சிந்துஜா, ஹேமநாதனின் நண்பன் அர்ச்சுனன். அர்ச்சுனன் சிங்கப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவன். சாய்ந்த வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தான்.

பிரவீனாவின் போன் அடித்தது. யோகேஸ்வரி.

"எங்க இருக்க பிரவீனா?"

"வெளிய அக்கா. சொந்த வேலை."

"அது தெரியும். லைன் 4ஐ நீதான் பார்க்கிறியாமே?"

"நானா? இல்லியே அக்கா, நான்தான் லேட்டுனு..."

"சரி, இரு. ஹேமாவக் கேக்குறேன்."

அடுத்த நொடி ஹேமநாதனின் போன் அடித்தது. அவன் எழுந்து தூண் பக்கம் போனான்.

"ஹேமா, எங்கப்பா இருக்க?"

"பேங்க்ல, அக்கா."

அதே சமயம் மேலே ஒலிபெருக்கி மணியடித்து, மலாய் மொழியில் ஓர் எண்ணைச் சொல்லி, திருமணப் பதிவு அறைக்கு வரும்படி அழைத்தது. சத்தமாக, தெளிவாக, இரண்டு தடவை.

"எந்த பேங்க்ல கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க?" என்றார் யோகேஸ்வரி.

பிரவீனா ஓடி வந்து போனைப் பிடுங்கினாள். "அக்கா, சாரிக்கா. இன்னிக்கு எங்களுக்கு ரெஜிஸ்டர். முடிச்சிட்டு வந்து சொல்லலாம்னுதான்..."

"எங்களுக்குன்னா? ஹேமாவும் நீயுமா?"

"ஆமாக்கா."

"அலமாக்!" என்று வியப்பில் ஒரு கூச்சல். பின்னணியில் யாரோ "என்னக்கா? என்னாச்சு?" என்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு யோகேஸ்வரியின் குரல் மறுபடி கறாரானது. "அந்தச் சந்தோஷம் அப்புறம். இங்க லைன் 4ல காலையிலேர்ந்து அச்சு மாத்தி, இப்பதான் முடிஞ்சுது. புது நீல மூடி. முதல் மூடிய பரிசோதகர் பார்த்து ஓகே சொல்லாம மிஷின ஓட விட முடியாது. டெக்னிஷியன் கைய கட்டிட்டு நிக்கிறான். தர்மினி ரெண்டு லைன்ல இருக்கா, மூணாவது குடுக்க முடியாது. லைன் 4ஐ யாரு பார்ப்பா?"

"மணியம் அண்ணன்கா!" என்று ஹேமநாதன் பக்கத்திலிருந்து கத்தினான். "நேத்து ஒத்துக்கிட்டாரு. நான் பேரு மாத்த மறந்துட்டேன்!"

"அப்ப அத எழுது. இப்பவே சரியா ஒரு மெசேஜ் அனுப்பு. அது வந்த பிறகுதான் மணியத்த நான் லைனுக்கு இழுப்பேன். உன் பழைய மெசேஜ வச்சிக்கிட்டு நாளைக்கு ஆடிட்டருக்கு நான் என்ன சொல்றது? பிரவீனா ரெண்டு எடத்துல இருந்தாளுன்னா?" போன் துண்டிக்கப்பட்டது.

ஒலிபெருக்கி அடுத்து அழைத்தது அவர்களின் எண்ணை.

சிந்துஜா அர்ச்சுனனை உலுக்கி எழுப்பினாள். நால்வரும் அறைக்குள் போனார்கள். பதிவு அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, அடையாள அட்டைகளை வாங்கிச் சரிபார்த்தார். மாப்பிள்ளை குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தான். அவசரத்தில் 'மணியம்' என்பது 'மணிமயம்' என்று வந்தது.

"புவான், ஒரு நிமிஷம்" என்று பிரவீனா அதிகாரியிடம் மலாயில் கெஞ்சினாள். "எங்க சூப்பர்வைசருக்கு லேட் மெசேஜ் அனுப்பணும்."

அதிகாரி பேனாவை வைத்தார். "இன்றைக்கு எனக்கு இது மூன்றாவது ஜோடி. இரண்டு மாப்பிள்ளைகள் வியர்த்தார்கள். வேலைக்கு மெசேஜ் எழுதுகிற முதல் மாப்பிள்ளை இவர்தான்" என்றார் மலாயில். "எழுதட்டும், எழுதட்டும். எப்போது வருவார் என்றும் போடச் சொல்லுங்கள்."

சிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேமநாதன் எழுதினான்.

'அக்கா, முன்ன அனுப்புனது தப்பு, மன்னிச்சிருங்க. 11.30க்கு லைன் 4ல இருப்பேன். அதுவரைக்கும் மணியம் அண்ணன் பார்ப்பாரு. லைன் பக்கம் இல்லன்னா கிடங்குல இருப்பாரு. நீல மூடியோட மாதிரியும் அளவுத் தாளும் என் மேசை மேல் டிராயர்ல. முதல் மூடி பார்க்க அது வேணும்.'

அனுப்பினான். நான்கு தலைகளும் ஒரு போன் மேல் கவிழ்ந்தன. அதிகாரியும் மேசைக்கு மேல் கழுத்தை நீட்டினார்.

'ஓகே' என்று வந்தது. தொடர்ந்து இன்னொன்று: 'மணியம் வந்துட்டாரு. நீ போய்க் கல்யாணம் பண்ணு.'

அறை முழுக்கச் சிரிப்பு. அர்ச்சுனன் கைதட்டினான். அதிகாரி மேசையைத் தட்டி அடக்க வேண்டியிருந்தது. பிறகு அவர் முகத்தை நேராக்கிக்கொண்டு, இந்தத் திருமணத்துக்குச் சட்டப்படி ஏதும் தடை உண்டா, முழுச் சம்மதத்தோடுதான் வந்தீர்களா என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். ஹேமநாதன் தடை இல்லை, சம்மதம்தான் என்றான். பிரவீனா, ஆமாம் என்பதற்கு மலாயில் "யா" என்று தொடங்கினாள், சிரிப்பு முந்திக்கொண்டது, கண்ணீர் வழிய மறுபடி தொடங்கி மூன்றாவது தடவையில்தான் சொல்லி முடித்தாள். கையெழுத்துகள், மோதிரம், சான்றிதழ். வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. பிரவீனாவுக்குக் கால் தரையில் படவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாகன நிறுத்துமிடத்தைத் தேவையில்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தாள்.

"மணி பார்த்தியா?" என்றான் ஹேமநாதன்.

"கேக்!" என்று அலறினாள் அவள்.

கேக் வாங்கினார்கள். சிந்துஜாவின் காரில், முன்னிருக்கையில் அர்ச்சுனன் குறட்டைவிட, பின்னிருக்கையில் இருவரும் கேக் பெட்டியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு செனாய் வந்து சேர்ந்தார்கள். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே.

கேக்கை ஓய்வறையில் வைத்துவிட்டு, லோக்கர் அறையில் சீருடை மாற்றி, தலை வலையை மாட்டிக்கொண்டு லைனுக்குள் நுழையும் கதவருகே வந்தால், யோகேஸ்வரி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். இருவரும் பள்ளிப்பிள்ளைகள் போல வரிசையாக நின்றார்கள்.

"பூவ எடு" என்றார். பிரவீனா வலைக்குள் மறந்து வைத்திருந்த மல்லிகைச் சரத்தை உருவினாள். "கையக் காட்டு." இரண்டு கைகளும் நீண்டன. சாப்பாட்டுப் பொருளில் படும் மூடி என்பதால் உள்ளே நகைக்கு அனுமதி இல்லை. யோகேஸ்வரி பிரவீனாவின் விரலைப் பிடித்து மோதிரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கல்லு இல்ல. வேலைப்பாடு இல்ல. கல்யாண மோதிரம், மொட்டையா இருந்தா போடலாம். பாஸ்."

அவர் உதடு கட்டுப்பாட்டை இழந்தது. சட்டென்று இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார். பிடி இறுகியதில் ஹேமநாதனின் தலை வலை கழன்று விழுந்தது.

"படுபாவிங்களா, ரெண்டு வருஷமா என் கண்ணு முன்னாலயா!"

உள்ளே யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். இயந்திர இரைச்சலுக்கு மேல் அது லைன் லைனாகப் பரவியது. மணியம் கையிலிருந்த அளவுக் கருவியைத் தூக்கி ஆட்டினார். தர்மினி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

பிரவீனா மூன்றாவது லைனுக்குப் போய் ஒரு மூடியை எடுத்து அளந்தாள். கருவியில் எண் தெரிந்தது, ஆனால் மனத்தில் நிற்கவில்லை. மறுபடி அளந்தாள். பக்கத்து லைனைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஹேமநாதன் நீல மூடி ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியாக அவளைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தான். மூடியில் துளையே கிடையாது.