முப்பத்துமூன்றாம் வாரம்

தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தத்தைக் கேட்டபோது இந்துமதிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

குலசேகரன்பட்டினத்தில் தனியாக இருக்கும் தாத்தாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போனில் கத்திப் பேசும் துணிச்சல் இந்துமதிக்கு இல்லை. கத்தாமல் பேசவே அவளுக்கு வராது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் சிரிக்கும், அதனாலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதச் சொன்னால் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவாள். அதனால் தாத்தாவுக்குக் கடிதம்.

தாத்தா வாலிபத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர். ‘ஏழாவது பார்’ என்று பெயர். கொற்கைக்கு எதிரே கடலுக்கடியில் முத்துச் சிப்பி விளையும் ஏழு பார்கள், அதில் ஏழாவது எங்கே இருக்கிறது என்பது முத்துக் குளிக்கும் குளியாளி கடலன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் கடலுக்குள் இருக்கும்போதே மேலே படகில் யாரோ அவனைத் தூக்கவேண்டிய கயிற்றை விட்டுவிடுகிறார்கள். அடுத்த நாள் அந்நியக் கப்பல்கள் நேராக ஏழாவது பாரில் வந்து நிற்கின்றன. துரோகி யார் என்று மாதக்கணக்கில் ஊரே வாரா வாரம் காத்திருந்ததாம். ஆனால் கதை புத்தகமாக வரவில்லை. யாரோ பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, நூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டி வைத்த ஒரே ஒரு தொகுப்புதான் மிச்சம். ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பின்பக்கமும் தைல விளம்பரமும் துணுக்கும் இருக்கும்.

தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அதைப் புத்தகமாகப் போடுவோம் என்று கிளம்பியவர் தங்கதுரை. செத்துப்போன பாட்டியின் தம்பி, அதாவது தாத்தாவுக்கு மச்சினன். துறைமுகச் சாலையில் கயிறு, வலை, மிதவை விற்கிற கடை அவருடையது. இந்துமதிக்கு அங்கேதான் வேலை. அவரை அவள் மனசுக்குள் ‘கடைத் தாத்தா’ என்று வைத்திருந்தாள். அதிர்ந்து பேசமாட்டார். இருந்தாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அவளுக்கு முதுகு நிமிரும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாரமாகப் பார்த்து அவள் டைப் அடித்து வந்தாள்.

முப்பத்திரண்டாம் வாரம் அடிக்கும்போது தருவைகுளத்து மிக்கேல் வந்திருந்தார். சங்கு குளிக்கிறவர். கடலுக்கடியில் மூச்சு விடப் படகிலிருந்து போகும் காற்று ட்யூபுக்குக் கட்டக் கயிறு கேட்டார்.

“இந்தத் தடவ படகுல ட்யூப யாரு புடிக்கா?” என்றார் கடைப் பையன் இல்லாததால் தானே கயிறு அளந்துகொண்டிருந்த தங்கதுரை.

“இதென்ன கேள்வி அண்ணாச்சி? எம் பொஞ்சாதிக்க அண்ணன்தான். கூடப்பொறந்தவன்னா சொத்துக்காவ வுட்டுருவான். மச்சான் வுடமாட்டான். வுட்டா அவந் தங்கச்சி தாலில்லா அறும்!”

மிக்கேல் சிரித்தார். தங்கதுரை சிரிக்கவில்லை. அளந்த கயிற்றை மறுபடி முதலிலிருந்து அளந்தார்.

இந்துமதியின் விரல் நின்றுவிட்டது. கதையில் கடலனுக்குக் கயிறு பிடிக்கிறவன் இளவேட்டன், கடலன் மனைவியின் அண்ணன். பன்னிரண்டாம் வாரத்திலேயே தாத்தா அதை எழுதியிருந்தார். பதறிப்போய் பக்கங்களைப் புரட்டினாள். முப்பத்திரண்டு வரை எல்லாத் தடயமும் இளவேட்டன் மேலேயே போய் முடிகிறது. அடுத்த பக்கத்தில் கதை இல்லை. ‘ஆசிரியரின் உடல்நலக் குறைவால் இந்த வாரம் தொடர் வெளிவரவில்லை’ என்று ஒரு பெட்டிச் செய்தி. அதற்கு அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு யவனக் கணக்கன் துரோகியாக வந்து நிற்கிறான். முன்கதைச் சுருக்கத்தில் வாரா வாரம் வந்துகொண்டிருந்த ‘மைத்துனன் கயிறு பிடிக்க’ என்ற வரியைக் காணவில்லை.

ஆனால் படத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். கணக்கன் கயிற்றை விட்டான் என்று அச்சிட்ட பக்கத்திலேயே, கயிற்றை விடுகிறவன் காதில் இளவேட்டனின் சிப்பிக் கடுக்கன். அந்தக் காலத்தில் படத்துக்கு பிளாக் என்ற அச்சுத் தகடு செய்ய நாள் பிடிக்கும், அதனால் காட்சியை ஓவியருக்கு இரண்டு வாரம் முன்னாலேயே எழுதி அனுப்பிவிடவேண்டும், அத்தியாயம் மட்டும் கடைசி நேரத்தில் ரயில் தபாலில் போகும் என்று தாத்தா ஒரு முறை சொல்லியிருக்கிறார். படம் முதலில் போய்விட்டது. எழுத்து பிறகு மாறியிருக்கிறது.

‘உண்மையான துரோகி யார் தாத்தா? கணக்கனா, இளவேட்டனா? புத்தகத்தில் எதை அடிக்க?’ என்று எழுதி, பதில் போடக் கடை விலாசத்தைக் கொடுத்தாள். பகலெல்லாம் அவள் இருப்பது அங்கேதானே.

அம்மா உமாராணி இதைக் கேட்டதும் கையிலிருந்த மாவை வழிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏளா, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க? அதுவும் அந்தக் கட விலாசத்தையா குடுத்த?”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நெருக்கடி நிலைக் காலத்தில் துறைமுகத் தொழிற்சங்கத்து ராஜபாண்டி என்பவரைத் தாத்தா வீட்டு மச்சில் ஒளித்து வைத்திருந்தார். வீட்டு ஆட்களையும் தங்கதுரையையும் தவிர யாருக்கும் தெரியாது. விடியற்காலையில் போலீஸ் நேராக மச்சுக்கு ஏறியது. ராஜபாண்டி திரும்பி வரவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் தாத்தா இந்தக் கதையை ஆரம்பித்தார்.

“எங்கம்மதான் ஒரு வாரத்து எழுத்த எடுத்து அடுப்புல போட்டா. ‘எந் தம்பிய ஊரு சிரிக்க வச்சிராதீய’ன்னு அப்பா கால்ல வுழுந்தா. அன்னைக்கி மூடுன பேச்சு. நீ போயி தோண்டியிருக்க. அந்த மனுசன் கடையிலதான நாம கஞ்சி குடிக்கோம்?”

மறுநாளிலிருந்து தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இந்துமதி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். வாசலுக்கு முதலில் ஓடினாள். மின்கட்டணம், கல்யாணப் பத்திரிகை, வங்கிக் கடிதம். “என்ன, தபால் மேல திடீர்னு பிரியம் வந்துட்டு?” என்று தங்கதுரை ஒரு நாள் கேட்டார். அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாத்தா கவரில் எழுதியிருக்கலாம். கார்டில் எழுதிவிட்டார். அதுவும் அவள் தண்ணீர் பிடிக்கப் பின்கட்டுக்குப் போன நேரத்தில் வந்தது. திரும்பி வந்தபோது கார்டு தங்கதுரையின் கையில் இருந்தது.

“ஒனக்குத்தான். குலசையிலேர்ந்து அத்தான் எழுதியிருக்காவ. கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன். படி, கேப்போம்.”

குடத்தை இறக்கி வைத்தாள். தாத்தாவின் நடுங்கும் எழுத்து.

‘பேத்திக்கு ஆசி. கணக்கன் நானாகக் கட்டிவிட்ட கதை. கயிற்றை விட்டவன் இளவேட்டன்தான். கயிறு பிடிப்பது மைத்துனன்தான் என்று கரையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாரத்தை இனி என்னால் எழுத முடியாது. உனக்கு எது சரி என்று படுகிறதோ அதை அடி.’

எழுத்துகள் மிதந்தன. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. வேறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இந்த ஒரு முறை மட்டும் தடுமாறக் கூடாது என்று நினைத்தாள்.

“பே... பேத்திக்கு ஆசி. து... துரோகி கணக்கன்தான். அப்படியே அடி. உ... ஒடம்பப் பாத்துக்கோ.”

“அவ்வளவுதானா?”

“ஆமா தாத்தா.”

“கார்டு நெறைய எழுதியிருந்த மாரி இருந்துச்சே.”

அவள் கார்டின் மேல் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தங்கதுரை சட்டைப் பைக்குள் கைவிட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை. கல்லாப் பெட்டி மேல் மெதுவாக வைத்தார்.

“நல்லாத்தான் பொய் சொல்லுத. அத்தான் பேத்தில்லா.”

எழுந்து போய் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டார். நடுப்பகலில் கடை இருண்டது. கரி ஏற்றிய லாரி ஒன்று போக, சரக்குக் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசின. கத்தலாமா என்று நினைத்தாள். யார் பெயரைச் சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வெற்றிலை வாசனை அவள் கழுத்தருகே வந்தது.

“ஒக்காரு. முப்பத்திமூணாம் வாரம்னு தலைப்பு போடு.”

உட்கார்ந்தாள். போட்டாள்.

“அத்தானுக்கு அது யூகம்தான், ஏளா. அங்கன நின்னது நான். யாரு வந்து கேட்டா, என்ன தாரேன்னான், நான் என்ன சொன்னேன்... எல்லாம் நான் சொல்லுதேன். நீ பேரு மட்டும் இளவேட்டன்னு போட்டுக்கோ.”

வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். மூச்சுதான் வந்தது. இந்துமதி திரும்பிப் பார்க்கவில்லை. தலைப்பு அடித்த விரலை அப்படியே விசைப்பலகையில் அழுத்தி வைத்திருந்தாள். வெள்ளைத் திரையில் ஒரே எழுத்து வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.